முகத்தில் ஜன்னல் வெளிச்சம் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டையான வெளிச்சத்தில் எடுத்த முகத்தை, பக்கத்து ஜன்னலிலிருந்து ஒளி விழுந்ததுபோல ஃபோட்டோஷாப்பில் மாற்ற இரண்டு Curves லேயரும், இரண்டு கறுப்பு மாஸ்க்கும், ஒரு வெள்ளை பிரஷ்ஷும் போதும். ஒரு லேயர் ஒளிக்கு, இன்னொன்று நிழலுக்கு. மூலப் படத்தின் மேல் நேரடியாக வரையக் கூடாது, Hardness 0% இருக்க வேண்டும், Flow-ஐக் குறைவாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த வேலையை ஏற்கெனவே செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதெல்லாம் தெரிந்த பிறகும் விடாமல் வரும் தவறுகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒரே அளவு பிரஷ்ஷால் முகம் முழுக்க வரைவது

மற்ற எல்லாத் தவறுகளையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். இது ஒன்றுதான் மொத்த வேலையையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வைக்கும்.

ஜன்னல் ஒளி மென்மையானது, ஆகவே பெரிய மென்மையான பிரஷ் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 600 பிக்சல் பிரஷ்ஷை எடுத்து ஒளிப் பக்கத்தில் நாலு இழுப்பு, நிழல் பக்கத்தில் நாலு இழுப்பு. முகத்தின் ஒரு பாதி வெளுத்துப்போகும், மறுபாதி அழுக்குப் படிந்ததுபோல இருக்கும். ஏதோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரியும்; உடனே Opacity-ஐக் கூட்டுவதும் குறைப்பதுமாக மணிக்கணக்கில் போராடுவார்கள். எந்த எண்ணில் வைத்தாலும் சரிவராது. கோளாறு ஒளியின் அளவில் இல்லை, ஒளி நிழலாக மாறும் ஓரத்தில் இருக்கிறது.

ஜன்னல் ஒளியில் அந்த ஓரம் முகம் முழுக்க ஒரே அகலத்தில் இருக்காது. கன்னம் மெதுவாக வளைகிறது, அதனால் அங்கே ஒளி நிழலாக மாற நிறைய இடம் எடுத்துக்கொள்ளும். மூக்குத் தண்டு சட்டென்று திரும்புகிறது, அங்கே அதே மாற்றம் ஒரு விரல் அகலத்துக்குள் முடிந்துவிடும். தாடை எலும்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இவை சதை வளைந்து ஒளியை விட்டு விலகுவதால் வரும் நிழல்கள். மூக்கு கன்னத்தின் மேல் போடும் நிழல் வேறு வகை: மூக்குச் சிறகை ஒட்டிய இடத்தில் ஓரம் கூர்மையாகத் தொடங்கும், மூக்கை விட்டுத் தள்ளிப்போகப் போக விரிந்து கரையும். ஒரு வெள்ளைச் சுவரின் அருகே, ஜன்னலுக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். சுவரைத் தொடும் விரலின் நிழல் கோடாகவும், தள்ளி நிற்கும் முழங்கையின் நிழல் புகையாகவும் விழும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தே வரும். ஜன்னல் இடப்பக்கம் என்றால் இடமிருந்து வலமாக ஒரே சீராக இருட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்து கிரேடியன்ட்டை இழுத்துவிடுகிறார்கள். ஜன்னல் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், பக்கத்துக் கன்னத்துக்கும் தூரத்துக் கன்னத்துக்கும் 15 செ.மீ. அளவுதான் வித்தியாசம். சின்ன பல்பிலிருந்து வரும் ஒளி என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் அரை ஸ்டாப் கூடக் குறையாது; அகன்ற ஜன்னலில் அதைவிடக் குறைவு. தூரத்துக் கன்னம் இருட்டாவதற்குத் தூரம் முக்கியக் காரணமே இல்லை, அது ஜன்னலைப் பார்க்காமல் திரும்பியிருக்கிறது. அதனால்தான் மூக்கின் மறுபக்கம் இருண்ட பிறகும், வலக் கண்ணுக்குக் கீழே முன்னால் பார்த்திருக்கும் கன்னப் பகுதியில் ஒளி மறுபடி வருகிறது. கிரேடியன்ட் இதை அறியாது.

ஒரு படத்தை வைத்துப் பார்ப்போம். மேகமூட்டமான நாளில் தாழ்வாரத்தில் நேராக எடுத்த ஒரு பெண்ணின் படம்; 24 மெகாபிக்சல், முகத்தின் அகலம் சுமார் 1200 பிக்சல். இரண்டு கன்னங்களிலும் Info பேனல் கிட்டத்தட்ட 165 காட்டுகிறது. ஜன்னல் இடப்பக்கம், கண் மட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒளி லேயரின் Curves-இல் 165-ஐ 195-க்கு ஏற்றுங்கள், நிழல் லேயரில் 165-ஐ 110-க்கு இறக்குங்கள். மாஸ்க்கை எங்கும் முழு வெள்ளையாக்கப் போவதில்லை என்பதால் தேவைக்குச் சற்று அதிகமாகவே வைக்கிறோம். இரண்டு மாஸ்க்கையும் Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கிவிட்டு, Opacity 100%, Flow 4% வைத்துத் தொடங்கலாம்.

முதலில் நிழல். 500 பிக்சல் பிரஷ்ஷால் வலப் பக்க நெற்றிப் பொட்டிலிருந்து கன்ன எலும்பின் வெளிப்புறம் வழியாகக் காது வரை. வலக் கண்ணுக்குக் கீழே உள்ள பகுதியைத் தொட வேண்டாம். தாடைக்கு 200 பிக்சலாகக் குறையுங்கள். மூக்கின் வலப்புறச் சரிவுக்கு 90. மூக்குச் சிறகின் அடியிலிருந்து மேலுதடு நோக்கிச் சாய்ந்து விழும் நிழல் 40-இல் தொடங்க வேண்டும், கீழே இறங்க இறங்க ] விசையை அழுத்தி 100 வரை பெரிதாக்குங்கள். கீழுதட்டுக்கு அடியில் உள்ள குழிவுக்கு 60 போதும்.

அடுத்து ஒளி. நெற்றியின் இடப் பாதிக்கு 500, இடக் கன்ன எலும்புக்கு 300, மோவாயின் இடப்புறத்துக்கு 150. மூக்குத் தண்டின் இடது விளிம்பில் 60 வைத்து ஒரே கோடாக ஓட்டுங்கள். கடைசியாக வலக் கண்ணுக்குக் கீழே விட்டுவைத்த பகுதியில் 200 பிக்சலில் ஓரிரு இழுப்பு. எங்காவது எல்லை தாண்டினால் X அழுத்திக் கறுப்புக்கு மாறி, வரைந்த அதே அளவு பிரஷ்ஷால் அழியுங்கள். பெரிய பிரஷ்ஷால் அழித்தால் பக்கத்தில் சரியாக வந்த ஓரமும் சேர்ந்து போய்விடும்.

முடிந்ததும் Alt அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறு படத்தைச் சொடுக்குங்கள். மாஸ்க் மட்டும் திரையில் வரும். அதில் ஒரு முகம் தெரிய வேண்டும்: மூக்கு எங்கே, கன்ன எலும்பு எங்கே, தாடை எங்கே திரும்புகிறது என்று கறுப்பு வெள்ளையிலேயே படிக்க முடிய வேண்டும். புகைமூட்டமாகத் தெரிந்தால் படத்திலும் புகைதான் விழுந்திருக்கிறது.

இந்த இடத்தில் பலர் எடுக்கும் குறுக்குவழிதான் பெரிய எரிச்சல். சின்ன பிரஷ் தடம் எங்காவது திட்டாகத் தெரிந்தால், மாஸ்க் முழுவதற்கும் Gaussian Blur போடுகிறார்கள், இல்லையென்றால் Properties-இல் Feather-ஐ இழுத்துவிடுகிறார்கள். கன்னத்தின் அகன்ற ஓரத்தில் மாற்றம் பெரிதாகத் தெரியாது, ஆனால் மூக்கிலும் உதட்டிலும் பார்த்துப் பார்த்து வைத்த குறுகிய ஓரங்கள் அந்த நொடியிலேயே கரைந்துவிடும். மறுபடி எல்லாம் ஒரே அகலம். ஒரு மாணவர் கொண்டுவந்த கோப்பில் மூக்கு நிழல் அருமையாக வரையப்பட்டிருந்தது. Feather 80 பிக்சலில் நின்றதால் படத்தில் அது தெரியவே இல்லை. பூஜ்யத்துக்கு இழுத்ததும் முகம் எழுந்து வந்தது. திட்டு இருக்கும் இடத்தில் மட்டும், அந்த இடத்துக்கு உரிய அளவில், Flow-ஐ 2% வைத்துச் சரிசெய்யுங்கள்.

வெளிச்சத்தை ஏற்றினாலே ஜன்னல் வந்துவிடும் என்று நம்புவது

ஜன்னல் ஒளி என்று கண் நம்புவதற்கு இரண்டு கன்னங்களுக்கும் உள்ள வித்தியாசம் வேண்டும். மேலே சொன்ன படத்தில் ஒளிக் கன்னம் 185-க்கும் நிழல் கன்னம் 120-க்கும் வந்தால் ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் கிடைக்கும்; வெளிர் நிறச் சுவர் உள்ள அறைக்கு அது பொருந்தும். கணக்கைப் பாருங்கள்: ஏற்றியது 20, இறக்கியது 45. பெரும்பாலான வேலையை நிழல் லேயர்தான் செய்கிறது. நிழலைத் தொட மனமில்லாமல் ஒளியை மட்டும் 215 வரை ஏற்றுபவர்களுக்குக் கன்னம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும்.

கறுத்த தோலில் இது இன்னும் மோசம். நடுத்தர டோன்களை ஏற்றினால் தோல் சாம்பல் பூத்துப்போகும், அந்த மனிதரின் நிறமே மாறிவிடும். அந்தத் தோலில் ஜன்னலைக் காட்டுவது கன்ன எலும்பிலும் நெற்றியிலும் விழும் மினுமினுப்பு. ஆகவே ஒளி Curves-இல் நடுப்புள்ளியை இருந்த இடத்திலேயே நிறுத்தி, அதற்கு மேலே உள்ள பகுதியை மட்டும் தூக்குங்கள். ஏற்கெனவே இருக்கும் மினுமினுப்பு பிரகாசமாகும், தோலின் நிறம் அப்படியே இருக்கும்.

படத்தில் ஏற்கெனவே உள்ள ஒளியோடு மோதுவது

கண்மணியில் உள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். அது எந்தப் பக்கமோ, ஜன்னலும் அந்தப் பக்கம். உச்சி வெயிலிலோ நேரடி ஃபிளாஷிலோ எடுத்த படமென்றால் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

நிழல் பக்கம் செம்பழுப்பாகிப் போவது

Normal மோடில் Curves-ஐ இறக்கினால் நிறச்செறிவும் கூடிவிடும். நிழல் கன்னம் வெயிலில் கன்றியதுபோல் சிவக்கும். நிழல் லேயரை Ctrl+G அழுத்தி ஒரு குரூப்பில் போட்டு, அதன் மாஸ்க்கை குரூப்புக்கு நகர்த்துங்கள். உள்ளே ஒரு Hue/Saturation லேயர் சேர்த்து Saturation-ஐ -10 முதல் -15 வரை குறையுங்கள். குரூப் Pass Through மோடிலேயே இருக்கட்டும். ஒரே மாஸ்க் இரண்டு லேயருக்கும் பொருந்துவதால், பிறகு ஓரத்தைத் திருத்தும்போது நிறமும் கூடவே திருந்தும்.

8 பிட்டில் வேலை செய்வது

பின்னணிச் சுவரில் பட்டை பட்டையாகத் தெரியும். ரா கோப்பைத் திறக்கும்போதே 16 பிட்டில் திறங்கள்.

முகத்தோடு நின்றுவிடுவது

காது, கழுத்து, தலைமுடி, இடத் தோள்: ஜன்னலுக்கு இவையெல்லாம் ஒன்றுதான். முக்கியமாக, மோவாய் கழுத்தின் மேல் போடும் நிழல் வலப்பக்கம் சாய வேண்டும்.

100% பெரிதாக்கிக்கொண்டே வரைவது

கன்னம் மட்டும் திரையை நிறைத்து நிற்கும்போது ஒளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மூக்குச் சிறகும் உதடும் தவிர மற்றதெல்லாம் Ctrl+0 அழுத்தி முழுப் படத்தையும் பார்த்தபடி வரைய வேண்டியவை. இடையிடையே எல்லாவற்றுக்கும் மேலே Saturation -100 வைத்த ஒரு Hue/Saturation லேயரைப் போட்டு, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் மறைந்ததும் தவறான இடத்தில் விழுந்த நிழல் உடனே கண்ணில் படும். பெரும்பாலும் அது கண்குழியாக இருக்கும். ஏனென்றால் 500 பிக்சல் பிரஷ் கன்னத்தைக் கடக்கும்போது அங்கேயும் சிந்தியிருக்கும். கறுப்புக்கு மாறி 60 பிக்சலில் மேல் இமையின் மடிப்பு வரை துடைத்துவிட்டு, அந்தச் சோதனை லேயரை அணைத்துவிட்டுத் தொடருங்கள்.