ஒரு கோடு, ஒன்பது எண்கள்: கன்வல்யூஷன் லேயரைக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

படங்களைப் பார்த்துக் கற்கும் நியூரல் நெட்வொர்க்குகளில் வரும் கன்வல்யூஷன் லேயர் என்றால் என்ன என்று தேடினால், ஒரு பூனைப் படத்தின் மேல் சின்னக் கட்டம் ஒன்று நகர்ந்து போகும் அனிமேஷன் கிடைக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தக் கட்டம் உள்ளே என்ன கூட்டுகிறது, எதைக் கழிக்கிறது என்பது பிடிபடாது. அதனால் இங்கே பூனை வேண்டாம். 5 × 5 பிக்சல் உள்ள ஒரு குட்டிப் படத்தை எடுத்து, பேப்பரில் போடுகிற மாதிரியே கணக்குப் போடுவோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

படி 1: படத்தை எண்களாக எழுதுங்கள்

கறுப்பு வெள்ளைப் படம் என்பது கணினிக்கு ஒரு எண் கட்டம்தான். கறுப்பு 0, வெளிச்சம் 9 என்று வைத்துக்கொள்வோம் (நிஜப் படங்களில் 0 முதல் 255 வரை இருக்கும், கையால் கூட்ட 9 வசதி). கையால் எழுதிய 1 என்ற எண்ணை நினைத்துக்கொண்டு நடுவில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் இப்படி வரும்:

```
0 0 9 0 0
0 0 9 0 0
0 0 9 0 0
0 0 9 0 0
0 0 9 0 0
```

கடைசி வரைக்கும் இந்த ஒரு கோட்டைத்தான் பின்தொடரப் போகிறோம்.

படி 2: ஃபில்டரை மேலே வையுங்கள்

ஃபில்டர் என்பதும் ஒரு எண் கட்டம்தான், படத்தைவிடச் சிறியது, அவ்வளவே. நாம் எடுத்துக்கொள்வது இது:

```
-1 0 1
-1 0 1
-1 0 1
```

இதைப் படத்தின் இடது மேல் மூலையில் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வரும் எண்களைப் பெருக்கி, கிடைக்கும் ஒன்பதையும் கூட்டுங்கள். ஃபில்டரின் வலது பக்கம் இருக்கும் மூன்று 1-களும் நம் கோட்டின் மேல் உட்காரும், மற்றதெல்லாம் பூஜ்ஜியத்தின் மேல். ஆக 9 + 9 + 9 = 27. இப்போது ஃபில்டரை ஒரு பிக்சல் வலது பக்கம் தள்ளுங்கள். கோடு ஃபில்டரின் நடுப் பத்தியில் மாட்டிக்கொள்கிறது, அங்கே எல்லாம் 0, விடை 0. இன்னொரு பிக்சல் தள்ளினால் கோடு இடது பக்கம் இருக்கும் -1-களில் விழும், விடை -27. கீழே இறங்கினாலும் இதே கதை என்பதால் முழு விடை இப்படி:

```
27 0 -27
27 0 -27
27 0 -27
```

இந்த விடைக்கு ஃபீச்சர் மேப் என்று பெயர். இதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 27 வந்த இடத்தில் இடமிருந்து வலமாகப் போகும்போது இருட்டு வெளிச்சமாகிறது, -27 வந்த இடத்தில் வெளிச்சம் இருட்டாகிறது. அதாவது இந்த ஃபில்டர் கோட்டைத் தேடவில்லை, கோட்டின் இரண்டு ஓரங்களைத் தேடுகிறது. இதையே படுக்கவைத்து, மேல் வரிசையில் மூன்று -1, கீழ் வரிசையில் மூன்று 1 என்று எழுதிப் போட்டுப் பாருங்கள், ஒன்பது இடத்திலும் 0 தான் வரும், ஏனென்றால் மேலிருந்து கீழே போகும்போது நம் படத்தில் எதுவும் மாறுவதே இல்லை.

நாம் இந்த எண்களைக் கையால் எழுதினோம். நிஜ நெட்வொர்க்கில் யாரும் எழுதித் தருவதில்லை. தொடக்கத்தில் ஏதோ தற்செயலான எண்கள் இருக்கும், ட்ரெயினிங் நடக்க நடக்க, தப்பு குறைகிற திசையில் அவை மாறிக்கொண்டே வரும். ஒரு லேயரில் ஒரே ஒரு ஃபில்டர் இருக்காது, 32, 64 என்று இருக்கும், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஃபீச்சர் மேப்பைத் தரும். கலர்ப் படமாக இருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்கு, ஃபில்டருக்கும் மூன்று அடுக்கு, 9-க்குப் பதில் 27 எண்கள். கூட்டி வருவது என்னவோ அப்போதும் ஒரே எண்தான்.

படி 3: பேடிங்

5 × 5 உள்ளே போனது, 3 × 3 வெளியே வந்தது. இப்படியே இன்னொரு லேயர் வைத்தால் 1 × 1 ஆகிவிடும், அதோடு கதை முடிந்தது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: நடுவில் உள்ள பிக்சலை ஃபில்டர் ஒன்பது முறை தொடுகிறது, மூலையில் உள்ளதை ஒரே ஒரு முறைதான். இரண்டுக்கும் வழக்கமான தீர்வு, படத்தைச் சுற்றி ஒரு வரிசை பூஜ்ஜியங்களை ஒட்டுவது. 7 × 7 ஆகிவிடும், 3 × 3 ஃபில்டர் அதில் ஐந்து இடம் நகரும், விடை மறுபடி 5 × 5:

```
0 18 0 -18 0
0 27 0 -27 0
0 27 0 -27 0
0 27 0 -27 0
0 18 0 -18 0
```

முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் 27 இல்லை, 18 தான். ஃபில்டரின் மூன்றில் ஒரு பகுதி நாம் ஒட்டிய பூஜ்ஜியங்களின் மேல் போய்விட்டதால் 9 குறைந்துவிட்டது. கோடு என்னவோ மேலிருந்து கீழ் வரை ஒரே மாதிரிதான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இதைவிட வெளிப்படையாகப் பார்க்க வேண்டுமென்றால் 25 பிக்சலும் 9 ஆக இருக்கும் வெறும் வெள்ளைப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். அதில் ஓரமே கிடையாது, ஆனாலும் இடது பத்தியில் 27, வலது பத்தியில் -27 என்று வந்து நிற்கும், மூலைகளில் மட்டும் 18, -18. பூஜ்ஜியத்துக்கும் 9-க்கும் நடுவே நாமே ஒரு ஓரத்தை உண்டாக்கிவிட்டோம். வகைப்படுத்துகிற வேலைக்கு இது பெரும்பாலும் தொந்தரவில்லை. படத்தையே வெளியீடாகத் தரும் நெட்வொர்க்கில், விடையைச் சுற்றி மெல்லிய சட்டம் மாதிரி ஏதாவது தெரிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். நெட்வொர்க் எழுத உதவும் பைதான் லைப்ரரியான பைடார்ச்சில், `nn.Conv2d`-க்கு `padding_mode='reflect'` என்று கொடுத்தால் பூஜ்ஜியத்துக்குப் பதில் ஓரத்துக்கு அடுத்து உள்ளே இருக்கும் பிக்சல்களைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி ஒட்டும்.

படி 4: ஸ்ட்ரைடு (இங்கே கொஞ்சம் நிதானமாக)

இதுவரை ஒவ்வொரு பிக்சலாக நகர்ந்தோம், அது ஸ்ட்ரைடு 1. இரண்டிரண்டாகத் தாண்டினால் ஸ்ட்ரைடு 2. ஃபீச்சர் மேப் நீளத்திலும் அகலத்திலும் ஏறக்குறைய பாதியாகிவிடும், கணக்கும் நினைவகமும் சுமார் கால்பங்காகக் குறையும். பெரிய படங்களில் ஏதோ ஒரு வழியில் இப்படிக் குறைக்காமல் காலம் தள்ள முடியாது.

ஆனால் நம் கோட்டுக்கு என்ன ஆகிறது? பேடிங்கோடு வந்த மேலே உள்ள 5 × 5 விடையை எடுத்து, ஸ்ட்ரைடு 2-க்காக 1, 3, 5-ஆவது வரிசைகளையும் அதே பத்திகளையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்:

```
0 0 0
0 0 0
0 0 0
```

கோடு காணாமல் போய்விட்டது! மதிப்புள்ள எண்கள் எல்லாம் 2-ஆவது, 4-ஆவது பத்திகளில் இருந்தன, நாம் சரியாக அந்த இரண்டையும் தாண்டிவிட்டோம். இப்போது படத்தில் கோட்டை ஒரே ஒரு பிக்சல் இடது பக்கம் நகர்த்தி மறுபடி போடுங்கள்:

```
18 -18 0
27 -27 0
18 -18 0
```

திரும்பி வந்துவிட்டது. படம் ஒரு பிக்சல் நகர்ந்ததற்கு விடை தலைகீழாக மாறுகிறது. கோடு இரண்டு பிக்சல் தடிமனாக இருந்தால் இப்படி மறையாது என்பதையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு பிக்சல் அகலமுள்ள மெல்லிய விஷயங்களில்தான் ஆபத்து: மின்கம்பி, எக்ஸ்ரேயில் முடி மாதிரி தெரியும் விரிசல், சின்ன எழுத்து. நிஜ நெட்வொர்க்கில் பல ஃபில்டர்கள் இருப்பதால், நடுப் பத்தியில் 0 அல்லாத எண்கள் வைத்திருக்கும் ஏதாவது ஒன்று கோட்டைப் பிடித்துவிடும், முழுப் பூஜ்ஜியம் வருவது அரிது. இருந்தாலும், உங்கள் மாடல் ஒரே படத்தை ஒரு பிக்சல் தள்ளிக் கொடுத்தால் வேறு விடை சொல்கிறதென்றால், முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் ஸ்ட்ரைடும் ஒன்று. மெல்லிய விஷயங்கள் முக்கியம் என்றால் முதல் லேயரில் ஸ்ட்ரைடு 1 வைத்து, பின்னால் போய்க் குறைப்பதே என் வழக்கம்.

படி 5: அளவுக் கணக்கு

படத்தின் பக்கம் N, ஃபில்டர் F, பேடிங் P, ஸ்ட்ரைடு S என்றால் விடையின் பக்கம்:

```
(N + 2P - F) / S + 1
```

நம் கடைசிக் கணக்கில் (5 + 2 - 3) / 2 + 1 = 3. சரியாக வருகிறது. வகுத்தலில் மிச்சம் வந்தால் பைடார்ச் பின்னத்தை விட்டுவிடும், அதாவது வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சில பிக்சல்களை ஃபில்டர் தொடாமலே போகலாம். எர்ரர் எதுவும் வராது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கணக்கு பெரிய ஆட்களையும் விட்டுவைக்கவில்லை. படங்களை வகைப்படுத்தும் அலெக்ஸ்நெட் என்ற நெட்வொர்க்கைப் பற்றி 2012-இல் வெளிவந்த கட்டுரையில் படம் 224, ஃபில்டர் 11, ஸ்ட்ரைடு 4 என்று இருக்கிறது. பேடிங் இல்லாமல் போட்டால் 54.25 வரும், ஆனால் விடை 55. அது வர 227 வேண்டும், இல்லையென்றால் பேடிங் 2 வைத்துப் பின்னத்தை விட வேண்டும்.

படி 6: ஓட்டிப் பாருங்கள்

```python
import torch
import torch.nn.functional as F

img = torch.zeros(1, 1, 5, 5)
img[:, :, :, 2] = 9
k = torch.tensor([[-1., 0., 1.]] * 3).reshape(1, 1, 3, 3)

print(F.conv2d(img, k))
print(F.conv2d(img, k, padding=1))
print(F.conv2d(img, k, padding=1, stride=2))
```

மேலே கையால் போட்ட மூன்று விடைகளும் அப்படியே வர வேண்டும். `img`-இல் இருக்கும் நான்கு அளவுகள் வரிசையாக எத்தனை படம், எத்தனை கலர் அடுக்கு, உயரம், அகலம். `img[:, :, :, 2]`-இல் உள்ள `2` என்பதை `1` ஆக மாற்றினால் காணாமல் போன கோடு மூன்றாவது விடையில் திரும்பி வரும்.

சரி, இது ஏன் படங்களுக்குப் பொருந்துகிறது?

28 × 28 அளவுள்ள கையெழுத்து எண் படத்துக்கு 8 ஃபில்டர், பேடிங் இல்லை என்று வைத்தால், கற்க வேண்டிய எண்கள் 8 × 9, அதோடு ஒவ்வொரு ஃபில்டரின் விடையோடும் கூட்டப்படும் பயாஸ் என்ற ஒரு எண், மொத்தம் 80. அதே அளவு விடையை, எல்லாப் பிக்சலையும் எல்லா நியூரானோடும் இணைக்கும் லேயரில் எடுத்தால் 42 லட்சத்துக்கு மேல் போகும். இந்தச் சிக்கனம் இரண்டு ஊகங்களால் கிடைக்கிறது. ஒன்று, ஒரு பிக்சலைப் புரிந்துகொள்ள அதன் பக்கத்துப் பிக்சல்களே முதலில் தேவை. இன்னொன்று, ஒரு ஓரம் படத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஓரம்தான், அதனால் அதே ஒன்பது எண்களை எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம். பெரிய விஷயங்களைப் பார்க்க லேயர்களை அடுக்குகிறோம்: 3 × 3 ஃபில்டர் லேயர்கள் இரண்டு சேர்ந்தால் 5 × 5 பரப்பையும், மூன்று சேர்ந்தால் 7 × 7 பரப்பையும் பார்க்கும்.

இந்த ஊகங்கள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எல்லாப் படங்களிலும் பிக்சல்களை ஒரே மாதிரி இடம் மாற்றிக் குலைத்துவிடுங்கள். எல்லாவற்றையும் இணைக்கும் லேயருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, அதற்குப் பக்கத்துப் பிக்சல் என்ற எண்ணமே கிடையாது, முன்பு போலவே கற்றுக்கொள்ளும். கன்வல்யூஷன் லேயர் தடுமாறும். அதனால்தான் வயது, சம்பளம், ஊர் என்று பத்திகள் இருக்கும் எக்ஸெல் அட்டவணையில் இதைப் போடுவதில் அர்த்தமில்லை, அங்கே சம்பளம் வயதுக்குப் பக்கத்தில் இருப்பது யாரோ அப்படி டைப் செய்ததால்தான்.