பாலியல் வன்கொடுமை பற்றிக் குழந்தை சொல்லும்போது பெற்றோர் செய்யும் தவறுகள்

ஏழு வயது மகள் தூங்கப் போகும்போது சொல்கிறாள்: "அந்த மாமா வீட்டுக்கு இனிமே போகமாட்டேம்மா. அவர் விளையாட்டு எனக்குப் பிடிக்கல."

பதறிப்போய், "அங்க தொட்டாரா? டிரெஸ்ஸக் கழட்டினாரா?" என்று கேட்பதுதான் முதல் தவறு. பதிலை நாமே எடுத்துக்கொடுக்கும் கேள்வி இது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குழந்தை தலையாட்டும், அல்லது பயந்து "ஒண்ணுமில்ல" என்று மூடிக்கொள்ளும். பின்னால் விசாரணையில், அது குழந்தையின் சொல்லா, அம்மாவின் சொல்லா என்ற சந்தேகமும் கிளம்பும். "என்ன விளையாட்டு? சொல்லு", "அப்புறம்?" இவ்வளவு போதும். யார், என்ன, கடைசியாக எப்போது என்று ஓரளவு புரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மீதியைப் பயிற்சி பெற்றவர்கள் கேட்பார்கள். நீங்கள் கேட்டதையும் அவள் சொன்னதையும் அவளுடைய வார்த்தைகளிலேயே, தேதி நேரத்தோடு எழுதி வையுங்கள்.

"ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டால் குழந்தையின் காதில் அது திட்டாகத்தான் விழும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்ற வாக்குறுதியும் வேண்டாம், அதைக் காப்பாற்ற முடியாது. "சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்ல. உன்னப் பாதுகாக்க சிலர்கிட்ட நான் பேசணும்" என்று சொல்லலாம்.

கோபத்தில் அந்த ஆளிடம் நேராகப் போய்ச் சண்டை போடத் தோன்றும். போனால், போனில் இருப்பதை அழிக்கவும் குழந்தையை மிரட்டவும் அவருக்கு நேரம் கிடைத்துவிடும். குழந்தையை அவர் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள்.

சமீபத்தில் நடந்திருந்தால் குளிப்பாட்டாதீர்கள். அப்போது போட்டிருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்த நேரம் கடந்திருந்தாலும் பரிசோதனை அவசியம். "காயம் எதுவும் இல்லை" என்று மருத்துவர் சொன்னதும் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வன்கொடுமைக்கு ஆளான பெரும்பாலான குழந்தைகளின் உடலில் காயம் தெரிவதில்லை.

நடத்தையில் தெரியும் அறிகுறிகளும் அப்படித்தான். நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரலாம்; ஒருவரை மட்டும் கண்டு ஒதுங்கலாம்; வயதுக்கு மீறிய பாலியல் செயலைப் பொம்மையிடம் செய்து காட்டலாம்; எங்கிருந்து வந்ததென்று சொல்லாத பரிசுகள் இருக்கலாம். சிறுநீர் கழிக்கும்போது வலி என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு வேறு காரணமும் இருக்கலாம். எந்த மாற்றமும் காட்டாத குழந்தைகளும் உண்டு. ஆகவே, "நல்லாத்தானே விளையாடுறா" என்பதை வைத்து அவள் சொன்னதை ஒதுக்கிவிடக் கூடாது.

சில நாள் கழித்து, "சும்மா சொன்னேம்மா" என்று அவள் மாற்றிச் சொல்லலாம். வீட்டில் அழுகையும் சண்டையும் தன்னால்தான் என்று தோன்றினாலோ, உறவினர் யாராவது அழுத்தம் கொடுத்தாலோ குழந்தைகள் இப்படிப் பின்வாங்குவதுண்டு. அதைப் பிடித்துக்கொண்டு புகாரை மூடாதீர்கள். இடையில் அவளிடம் யார் பேசினார்கள் என்று பார்த்து, அதையும் விசாரிப்பவர்களிடம் சொல்லுங்கள்.