குழந்தைகளுக்கான பாட சாட்பாட்: எங்கே தவறு நடக்கிறது?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செடி, விலங்கு, தண்ணீர் என்ற மூன்று பாடங்களை மட்டும் சொல்லித்தரும் ஒரு சாட்பாட் என்று வைத்துக்கொள்வோம். அதன் உள்ளே ஓடுவது பெரியவர்கள் பயன்படுத்தும் அதே மொழி மாதிரிதான். எட்டு வயதுக் குழந்தைக்கு அது பொருந்துமா இல்லையா என்பது நாம் எழுதித் தரும் அறிவுறுத்தலையும், பதில் வெளியே போகும் முன் செய்யும் சோதனையையும் பொறுத்தது.

பலரும் முதலில் எழுதுவது தடைப் பட்டியல்: வன்முறை கூடாது, ஆபாசம் கூடாது, அரசியல் கூடாது. குழந்தையோ "புலி மானை எப்படிக் கொல்லும்?" என்று கேட்கும். பாடத்துக்குள் வரும் நியாயமான கேள்வி இது. தடையை அப்படியே பின்பற்றும் சாட்பாட் பதில் சொல்ல மறுக்கும். தடையை மறந்தால் கழுத்தைக் கவ்வுவதிலிருந்து வர்ணிக்கும். இரண்டுமே வேண்டாம். எதைப் பேசலாம் என்று எழுதுங்கள், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்: "புலி பசிக்காக மானை வேட்டையாடிச் சாப்பிடும் என்று சொல். காயம், இரத்தம், வலி பற்றி விவரிக்காதே. மூன்று பாடங்களில் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லாதே."

சொல் வடிகட்டியை மட்டும் நம்புவது இதே தவறின் இன்னொரு முகம். தமிழில் அது இன்னும் மோசமாகச் சறுக்கும். "கொல்" என்ற எழுத்துகளைத் தடுத்தால் "கொல்லைப்புறத்தில் என்ன செடி வைக்கலாம்?" என்ற கேள்வியும் கொல்லிமலையும் சேர்ந்து தடைபடும். வேர்ச்சொல் உருமாறுவதால் "கொன்றது" தப்பித்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் எதுவுமே சிக்காது. கேள்வி எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று பொருளைப் பார்த்து வகைப்படுத்தும் ஒரு படியை முன்னால் வையுங்கள். சொல் பட்டியல் அதற்குத் துணையாக மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது மொழி. "எளிய தமிழில் பதில் சொல்" என்ற ஒரு வரி போதாது. "செடி எப்படிச் சாப்பிடும்?" என்று கேட்டால், "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியுடன் ஒளிச்சேர்க்கை மூலம் தமக்குத் தேவையான உணவைத் தயாரித்துக்கொள்கின்றன" என்று வரும். வாக்கியத்தில் பிழையில்லை, ஆனால் எட்டு வயதுக் குழந்தை பாதியிலேயே விட்டுவிடும். அளவு சொல்லுங்கள்: அதிகபட்சம் நான்கு வாக்கியம், ஒவ்வொன்றிலும் எட்டுச் சொல்லுக்குள், ஒரு பதிலில் ஒரே ஒரு புதுச் சொல். மாதிரிப் பதில் ஒன்றையும் அறிவுறுத்தலிலேயே கொடுங்கள்: "செடிக்கு வாய் இல்லை. இலைதான் அதற்குச் சமையலறை. வெயில், தண்ணீர், காற்று மூன்றையும் வைத்து இலை சாப்பாடு செய்யும். இதற்கு ஒளிச்சேர்க்கை என்று பெயர்." விதியைவிட இந்த மாதிரிப் பதில்தான் மொழி மாதிரியை அதிகம் வழிநடத்தும். இரண்டு மூன்று கொடுத்தால் நடை நன்றாகப் பிடிபடும்.

மொழி மாதிரி எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக உடைத்துக் கையாளும். ஒரு பதிலில் அதிகபட்சம் எத்தனை டோக்கன் வரலாம் என்று சொல்லும் `max_tokens` அளவைப் பதிலைச் சுருக்குவதற்காகக் குறைப்பவர்கள் உண்டு. அந்த எண் பதிலைச் சுருக்காது, அந்த இடத்தில் வெட்டிவிடும். பெரும்பாலான மொழி மாதிரிகளில் ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அதிக டோக்கன் செலவாவதால், ஆங்கிலத்துக்குச் சரியாக இருந்த எண்ணில் தமிழ்ப் பதில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். நீளத்தை அறிவுறுத்தலில் கட்டுப்படுத்துங்கள். இந்த எண்ணைத் தாராளமாகவே விடுங்கள்.

மறுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். "இந்தத் தலைப்பில் பதிலளிக்க எனக்கு அனுமதி இல்லை" என்று வந்தால், தான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டதாகக் குழந்தை நினைக்கும். "இதை அம்மா, அப்பா, டீச்சர் யாரிடமாவது கேளு. நாம் யானை பற்றிப் பேசலாமா?" என்பது போதும். ஆனால் எல்லா வெளிக் கேள்விக்கும் இந்த ஒரே பதிலை ஓட்டுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. "மாமா என்னை அடிக்கிறார்" என்று ஒரு பிள்ளை எழுதும்போது யானைக்குத் தாவினால், உதவி தேடி வந்த குழந்தையைத் திருப்பி அனுப்புகிறோம். இதற்குத் தனி வழி வேண்டும். பதிலை மொழி மாதிரியிடம் விடாமல், முன்பே எழுதி வைத்த வாசகம் அப்படியே வர வேண்டும்: "சொன்னது நல்லது. உன் மேல் தப்பு இல்லை. நீ நம்புகிற ஒரு பெரியவரிடம் இப்போதே சொல்லு. 1098-க்கும் போன் செய்யலாம்." 1098 இந்தியாவின் குழந்தைகள் உதவி எண், கட்டணம் கிடையாது. "அப்பாவிடம் சொல்லு" என்று ஆளைக் குறித்து எழுதாதீர்கள். அடிப்பவர் அவராகவே இருக்கலாம்.

சோதிக்கும்போது பெரியவர்கள் பிழையில்லாமல் தட்டிய கேள்விகளை மட்டும் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகள் "பாம்பு கடிச்சா செத்துடுவமா" என்று கேள்விக்குறி இல்லாமல், எழுத்துப் பிழையோடு, பாதி ஆங்கிலத்தில் கேட்பார்கள். அப்படி நாற்பது கேள்வி தயாரியுங்கள்: பாடத்துக்குள் பத்து, ஓரத்தில் பத்து, வெளியே பத்து, துயரம் சொல்பவை பத்து. ஓரத்துக் கேள்விகளை ஒரு நீண்ட உரையாடலின் இருபதாவது கேள்வியாகவும் கேட்டுப் பாருங்கள். நீளம் கூடக்கூட விதிகளின் பிடி தளரும். பழைய செய்திகளை மேலிருந்து வெட்டும் நிரல் அறிவுறுத்தலையும் சேர்த்தே வெட்டியிருக்கலாம். ஐந்து வாக்கியப் பதில்கள் வரத் தொடங்கினால் அதுதான் முதல் அறிகுறி. மொழி மாதிரியின் புதிய பதிப்புக்கு மாறும் ஒவ்வொரு முறையும் இந்த நாற்பதையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.