சோடியம் ஏறுகிற வேகம்: வார்டில் நேரும் தவறுகள்

கத்திரி வெயில் நேரம். வட சென்னையிலிருந்து ஒரு பாட்டியை அழைத்து வந்தார்கள். வயது 68, எடை 50 கிலோ. பிரஷருக்காகப் பல வருடமாகத் தயசைடு வகை மாத்திரை, அதாவது சிறுநீரோடு உப்பை வெளியேற்றும் மாத்திரை, சாப்பிட்டு வந்தவர். நாலு நாளாக வாந்தி, வயிற்றுப்போக்கு. வெயிலுக்குத் தண்ணீர் நிறைய குடிக்கச் சொல்லி வீட்டில் எல்லோரும் வற்புறுத்த, வெறும் தண்ணீராகவே குடித்திருக்கிறார். மூன்றாம் நாள் நடை தள்ளாடியது. அப்புறம் மகளை யார் என்று கேட்டிருக்கிறார். எங்களிடம் வந்து சேர்ந்த மாலை 5 மணிக்கு ஃபிட்ஸ் வந்தது. சோடியம் 110, பொட்டாசியம் 2.9. சோடியம் 135-லிருந்து 145-க்குள் இருக்க வேண்டும்.

இதில் முதல் தவறு வீட்டிலேயே நடந்துவிட்டது. வயதானவர் தடுமாறினால், பேச்சு மாறினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். வார்டிலும் இது நடக்கிறது. சோடியம் குறையும்போது குமட்டல், தலைவலி, தள்ளாட்டம், குழப்பம் என்று ஏறிக்கொண்டே போய் ஃபிட்ஸில் முடியும். கூடும்போது தாகம், வறண்ட நாக்கு, எரிச்சல், பிறகு மயக்கநிலை. ஆனால் குழப்பம் இரண்டிலும் வரும் என்பதால், ஆளைப் பார்த்து மட்டும் எது என்று சொல்ல முடியாது. முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள், பிறகு ரத்தம் அனுப்புங்கள். டிரிப் ஓடும் கையில் ரத்தம் எடுக்காதீர்கள். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் கையில் எடுத்தால், இல்லாத குறைவை லேப் காட்டிவிடும்.

பாட்டிக்கு டாக்டர் 3% சலைன் 100 மில்லி, 10 நிமிடத்தில் கொடுக்கச் சொன்னார். ஃபிட்ஸ் நிற்காததால் இன்னொரு 100 மில்லி. சோடியம் 114 ஆனது, ஃபிட்ஸ் நின்றது. மூளை வீக்கத்தின் ஆபத்து தணிய 4 முதல் 6 வரை ஏறினாலே போதும். அதற்கு மேல் அவசரம் இல்லை. முதல் 24 மணி நேரத்தில் மொத்தமாக 8-க்கு மேல் ஏறக் கூடாது என்று டாக்டர் எழுதினார். பொட்டாசியமும் குறைந்திருந்ததால் இந்தக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம். நான் சார்ட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்: "நாளை மாலை 5 மணி வரை 118-ஐத் தாண்டக் கூடாது." இப்படி ஒரு எண்ணாக எழுதிவிட்டால், ஷிப்ட் மாறி வருபவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இரவு நார்மல் சலைன் மணிக்கு 75 மில்லியும் பொட்டாசியமும் போய்க்கொண்டிருந்தன. 2 மணிக்கு ஜூனியர் சிஸ்டர் சந்தோஷமாக வந்து, "அக்கா, பாட்டிக்கு யூரின் நல்லா போகுது, ஒரு மணி நேரத்துல 350" என்றாள். போய்ப் பார்த்தேன். யூரின் பேக்கில் இருந்தது வெறும் தண்ணீர் போல நிறமே இல்லாமல் இருந்தது. அடுத்த சோடியம் காலை 6 மணிக்குத்தான் எடுப்பதாக இருந்தது. காத்திருக்காமல் அப்போதே அனுப்பினோம். 119.

மற்ற நோயாளிகளிடம் யூரின் நன்றாகப் போனால் நிம்மதி. இங்கே அதுதான் எச்சரிக்கை. இதைத் தெரியாமல் இருப்பதுதான் என் கணக்கில் மிகப் பெரிய தவறு. உடல் வறண்டிருந்தவரை, தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருந்தது. டிரிப்பால் உடல் நிறைந்ததும், வாந்தியும் நின்றதும், அந்த ஹார்மோன் அடங்கியது. உடனே சிறுநீரகம் வெறும் தண்ணீராக வெளியேற்ற ஆரம்பித்தது. தண்ணீர் போகப் போக மிச்சமிருக்கும் சோடியம் தானாகவே ஏறும். நாம் கொடுத்த பொட்டாசியமும் சோடியத்தை உயர்த்தும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மணிக்கு 100 மில்லியைத் தாண்டி வெளுத்த யூரின் போனால், டாக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள்.

வேகமாக ஏறினால் என்ன ஆகும்? சோடியம் இரண்டு நாளுக்கு மேல் குறைவாக இருந்தால், வீங்காமல் இருக்க மூளைச் செல்கள் தமக்குள் இருக்கும் பொருட்களை வெளியேற்றிப் பழகிவிடுகின்றன. அந்த நிலையில் ரத்தத்தில் சோடியம் திடீரென ஏறினால், செல்களிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்பட்டு, நரம்புகளின் மேலுறை சிதைகிறது. கொடுமை என்னவென்றால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நோயாளி தெளிவாகப் பேசுவார், வீட்டார் மகிழ்வார்கள். இரண்டு முதல் ஆறு நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் செயலிழக்கும். சிலருக்கு அது திரும்புவதே இல்லை.

டாக்டர் சலைனையும் பொட்டாசியத்தையும் நிறுத்தி, 5% டெக்ஸ்ட்ரோஸ் 300 மில்லியும், யூரினைக் கட்டுப்படுத்த டெஸ்மோபிரெசின் ஊசியும் கொடுக்கச் சொன்னார். மணிக்கு ஒரு முறை யூரின் அளந்தோம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சோடியம் பார்த்தோம். காலை 6 மணிக்கு 117. அதன் பிறகு பொட்டாசியத்தை மெதுவாகத் தொடர்ந்தார்கள். பாட்டி ஒன்பதாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். தயசைடு மாத்திரை நிறுத்தப்பட்டது.

இன்னொரு தவறு, சோடியம் குறைவு என்றதும் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் என்று நினைப்பது. பாட்டி போல வறண்டவருக்குத் தண்ணீர்க் கட்டுப்பாடு வைத்தால் நிலைமை கெடும். அதே ஹார்மோன் காரணமில்லாமல் அதிகம் சுரந்து தண்ணீர் தேங்கியவருக்கு நார்மல் சலைன் கொடுத்தால் சோடியம் இன்னும் இறங்கலாம். அவருக்குத்தான் நாளுக்கு 1 லிட்டர் போன்ற கட்டுப்பாடு. அந்த 1 லிட்டரை எண்ணுவதிலும் தவறு நடக்கிறது. தண்ணீர் பாட்டிலை மட்டும் எண்ணுகிறோம். காபி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரைக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாம் சேர வேண்டும். ஆன்டிபயாடிக்கை 100 மில்லி சலைனில் கலந்து மூன்று வேளை போட்டால், அதிலேயே 300 மில்லி போய்விடும். நான் காலையில் 1 லிட்டர் பாட்டிலை வீட்டார் கையில் கொடுத்து, அவர் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரை இதிலிருந்து கொட்டிவிடச் சொல்வேன். டிரிப்பில் போவதை முன்கூட்டியே கொட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். "உப்புதானே குறைச்சல்" என்று இளநீர் வாங்கி வருபவர்களிடமும் சொல்லிவிடுங்கள்: இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் கொஞ்சம்தான். அதுவும் கட்டுப்பாட்டுக் கணக்கில் வரும் நீர்தான்.

சோடியம் கூடுவது பெரும்பாலும் தண்ணீர் கேட்க முடியாதவர்களுக்கு. பக்கவாதம் வந்து மூக்குக் குழாயில் உணவு போகிறவரை நினைத்துப் பாருங்கள். தாகம் இருக்கும், சொல்ல வாய் வராது. உணவு ஒழுங்காகப் போகிறது என்று நாமும் இருந்துவிடுவோம், இடையில் ஊற்றவேண்டிய வெறும் தண்ணீர் விட்டுப்போயிருக்கும். காய்ச்சலும் இருந்தால் 160-ஐ எட்டிவிடும். அப்போது பதறி, ஒரே நாளில் 140-க்கு இறக்கப் பார்ப்பது தவறு. பழகிப்போன மூளைச் செல்களுக்குள் தண்ணீர் பாய்ந்து வீங்கும், ஃபிட்ஸ் வரும். நாளுக்கு 10 அளவில் இறங்கினால் போதும். குழாய் வழியாகவே நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு முறை, டாக்டர் சொன்ன அளவில் தண்ணீர் கொடுக்கலாம். அது முடியாதபோது 5% டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பாகப் போகும். ஸ்டெரைல் வாட்டரை மட்டும் தனியாக ஒருபோதும் ரத்தக் குழாயில் ஏற்றாதீர்கள், சிவப்பணுக்கள் வெடித்துவிடும்.