பிஎஃப் ஓடிபி பழைய கம்பெனி சிம்முக்குப் போனால்

வேலையை விட்டதும் கம்பெனி சிம்மைத் திருப்பிக் கொடுத்தாச்சு. பிஎஃப், ஆதார் இரண்டிலும் இருந்தது அந்த எண்தான். எச்ஆரிடம் கேட்டால், சிம் வேறொருவர் கைக்குப் போய்விட்டதாம். நான்கு நாள் வீண்.

முதலில் மாற்ற வேண்டியது ஆதாரை. தபால் நிலைய ஆதார் மையத்தில் கட்டணம் கட்டி, கைரேகை வைத்தால் போதும். பழைய எண்ணின் ஓடிபி கேட்கமாட்டார்கள். ரசீதில் உள்ள எண்ணை வைத்து நிலையைப் பார்த்து, மாறிய பிறகுதான் பிஎஃப் பக்கம் போகணும்.

அங்கே Forgot Password கொடுத்து யுஏஎன் இட்டதும், பழைய எண்ணைப் பாதி மறைத்துக் காட்டி, அதற்கே ஓடிபி அனுப்பவா என்று கேட்கும். பழக்கதோஷத்தில் Yes அமுக்கிக்கொண்டே இருந்தேன். No கொடுத்தால்தான் பெயர், பிறந்த தேதி, ஆதார் விவரம் கேட்டுவிட்டுப் புது எண்ணுக்கு இடம் தருகிறது. பெயரை பிஎஃபில் உள்ளபடியே அடிக்கணும்; இனிஷியல் முன்பின் ஆனால் பொருந்தாது.