ரயிலுக்குக் கட்டும் பலகாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சம்பர்க் கிராந்தி ஏறினால் டெல்லி போய் இறங்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அவ்வளவு தூரத்துக்குக் கட்டிய பலகாரம் நடுவழியில் கெட்டுப்போனால் எல்லாரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். ஆனால் பாதித் தப்பு கிளம்பும் அவசரத்தில் அடுப்படியிலேயே நடந்திருக்கும்.

முதல் தப்பு, சூட்டோடு மூடுவது. எண்ணெயிலிருந்து எடுத்த முறுக்கை நேரே சம்படத்தில் போட்டு மூடினால், சற்று நேரத்தில் மூடியின் உள்பக்கம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் முறுக்கில் இறங்கி மறுநாளே நமுத்துவிடும். முறுக்கு நமுத்தால் ருசிதான் போகும். சோறு விஷயம் அப்படியில்லை. வெந்த பிறகும் சாகாத கிருமி வித்துகள் அரிசியில் உண்டு. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மூடி வைத்தால் அவை முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது, வாடையிலும் தெரியாது.

புளியோதரை தாங்குவதற்குக் காரணம் புளிப்பு. புளி கம்மியாக, சோறு குழைவாக இருந்தால் அது பேருக்குத்தான் புளியோதரை. சோற்றை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள். புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும்வரை சுண்டட்டும். இரண்டும் ஆறியபின், ஒவ்வொரு பருக்கையிலும் புளி ஏறுகிற மாதிரி கிளறுங்கள். வாழை இலையை அனலில் வாட்டி, ஈரம் போகத் துடைத்துக் கட்டலாம். இரண்டு நாள் தாங்கும் என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் நான் அதை நம்ப மாட்டேன். காலையில் கட்டியதை ராத்திரிக்குள் முடித்துவிடுவது நல்லது.

இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், மத்தியானத்துக்குள் புளித்துவிடும். இட்லி ஆறியதும் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவுங்கள். அதையும் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். சாப்பிடும் முன் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நூல் நூலாக இழுத்தால் கட்டோடு தூக்கிப் போடுங்கள்.

இரண்டாம் நாளுக்குக் காராசேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய் மாதிரி ஈரமில்லாத சரக்குதான் சரி. சேவு வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் பழைய எண்ணெய், வேண்டாம். ஒரே பெரிய பொட்டலமாக வாங்குவதும் தப்புதான். பிரித்த பொட்டலம் காற்றுப் பட்டு நமுத்துக்கொண்டே வரும். கால் கிலோ பொட்டலங்களாக வாங்கி ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை டெல்லிச் சொந்தக்காரர்களுக்கு வாங்கிப் போவது வழக்கம். என்னதான் சுண்டக் காய்ச்சினாலும் அது பால், ஈரம் இருக்கத்தான் செய்யும். கிளம்பும் அன்றைக்குப் புதிதாகப் போட்டதைக் கேட்டு வாங்கி, ஈரக்கை படாமல் வைத்திருந்து, இறங்கியதும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.