ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு வீட்டிலேயே பட்டியல்

பெங்களூரில் வாடகை வீடு மாறும்போதுதான் புத்தகப் பட்டியலின் அருமை தெரியும். பார்கோடை ஸ்கேன் செய்யும் செயலிகள் ஆங்கிலப் புத்தகங்களுக்குச் சரி. பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் எண்ணே இருக்காது, இருந்தாலும் விவரம் வராமல் போகலாம். அதனால் ஒரு கூகுள் ஷீட் போதும்: வரிசை எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், பதிப்பு ஆண்டு, இடம், குறிப்பு.

சிக்கல் ஆசிரியர் பத்தியில்தான் வரும். இனிஷியலை முன்னால் எழுதினால் அகரவரிசை இனிஷியல்படி ஓடும். ‘ஜானகிராமன், தி.’ என்று பெயரை முதலில் எழுதுங்கள். புனைபெயர் இருந்தால், அட்டையில் அதிகம் வரும் பெயரே எல்லாப் புத்தகத்துக்கும்: ‘புதுமைப்பித்தன்’. ‘சொ. விருத்தாசலம்’ என்று அச்சிட்ட பதிப்பும் அதே பெயரில் போகட்டும், இயற்பெயரைக் குறிப்புப் பத்தியில் போடுங்கள். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டும் விடாமலும் எழுதினால் ஷீட் இரண்டு ஆளாகக் கணக்கிடும். ஃபில்டரைத் திறந்து பார்த்தால் ஒரே ஆசிரியர் இரண்டு முறை நிற்பது தெரிந்துவிடும்.

இடத்துக்கு ‘ஹால்-2-4’ போதும்: ஹாலில் இரண்டாவது அலமாரி, நாலாவது தட்டு. தட்டுக்குள் வரிசை பார்க்க வேண்டாம், முப்பது புத்தகத்தில் கண்ணே தேடிவிடும். வரிசை எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பென்சிலால் எழுதுங்கள். பசை ஸ்டிக்கர் நாளடைவில் கறை விடும். வீடு மாறும்போது தட்டுக்கு ஒரு அட்டைப்பெட்டி, மேலே அதே குறியீடு. புது வீட்டில் இடப் பத்தியை மட்டும் மாற்றினால் போதும்.